பழைய கதவு எண், புதிய கதவு எண்

ஈரோட்டுப் பக்கம் ஒரு பெண்மணி வீட்டிலேயே சத்துமாவு தயாரித்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, ஏலக்காய் எல்லாவற்றையும் வறுத்து, மில்லில் அரைத்து, அரைக் கிலோ பாக்கெட்டாகக் கட்டுகிறார். தனியாகக் கடை கிடையாது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நாளொன்றுக்கு 300 ரூபாய்க்கு விளம்பரம் ஓடுகிறது. பார்த்தவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள், பொருள் கூரியரில் போகிறது. ஒரு வியாழக்கிழமை காலை போனைத் திறந்தால், விளம்பரக் கணக்கு முடக்கப்பட்டுவிட்டது என்று ஒரு அறிவிப்பு. மதியத்துக்குள் வாட்ஸ்அப் அடங்கிவிடுகிறது. அரைத்து வைத்த 40 கிலோ மாவு சமையலறையில் இருக்கிறது.

அந்த நிமிடத்தில் கை தானாகப் போவது Request review என்ற பொத்தானுக்குத்தான். அழுத்திவிட்டு, "நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, என் பிழைப்பே இதுதான், தயவுசெய்து திறந்துவிடுங்கள்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் மறுபரிசீலனை பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். மறுப்பு வந்துவிட்டால் அதுவே இறுதி முடிவு என்று பல கணக்குகளில் நின்றுவிடுகிறது. எனவே அந்தப் பொத்தானைக் கடைசியில்தான் அழுத்த வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் வேலை இருக்கிறது. முறையிடக் கெடு இருந்தால் அந்தத் திரையிலேயே போட்டிருப்பார்கள். அதைக் குறித்துக்கொண்டு நிதானமாக வேலையைத் தொடங்கலாம்.

முதலில், முடங்கியது எது என்று தெரிய வேண்டும். மெட்டா நிறுவனத்தின் ஏற்பாட்டில் நாலு தனித்தனிப் பூட்டுகள் இருக்கின்றன. விளம்பரக் கணக்கு ஒன்று. கடையின் பெயரில் உள்ள ஃபேஸ்புக் பக்கம் ஒன்று. இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் வணிகத் தொகுப்பு ஒன்று. உரிமையாளரின் சொந்த ஃபேஸ்புக் ஐடி ஒன்று. அந்த ஐடிக்கு விளம்பரம் செய்யும் உரிமையை மட்டும் தனியாகப் பறிப்பதும் உண்டு. Business Support Home என்ற பக்கத்தில் இவை ஒவ்வொன்றின் நிலையும் தெரியும். சொந்த ஐடி முடங்கியிருக்கும்போது விளம்பரக் கணக்குக்கு முறையீடு எழுதினால், பூட்டாத கதவைத் தட்டியது போலத்தான் ஆகும். அதே இடத்தில் காரணமும் ஒரு வரியில் இருக்கும்: இன்ன கொள்கை மீறல், அல்லது வழக்கத்துக்கு மாறான செயல்பாடு, அல்லது கட்டணப் பாக்கி. அந்த வரியையும், நிராகரிக்கப்பட்ட விளம்பரங்கள் ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பிறகு தேடினால் அவை அதே இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது.

கட்டணப் பாக்கி என்றால் விஷயம் எளிது. பணத்தைக் கட்டிவிட்டுத்தான் மற்ற எதையும் பேச வேண்டும். நம் ஊரில் இது அடிக்கடி நடக்கக் காரணம் இருக்கிறது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கான ரிசர்வ் வங்கியின் கூடுதல் சரிபார்ப்பு விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்பின், வெளிநாட்டு நிறுவனங்கள் தானாக எடுக்க முயன்ற தொகைகள் பல வங்கிகளில் திரும்பின. கார்டில் பணம் இருக்கிறதே என்று உரிமையாளர் நினைத்துக்கொண்டிருப்பார். அங்கே பாக்கி சேர்ந்துகொண்டிருக்கும். ஒரு கார்டு போகவில்லை என்று கணவர் கார்டு, தம்பி கார்டு, தெரிந்தவர் கார்டு என்று ஒரே மாலையில் நாலைந்தை மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். திருட்டுக் கார்டு வைத்திருப்பவனும் அதையேதான் செய்வான். கணினிக்கு வித்தியாசம் தெரியாது. முன்கூட்டியே யுபிஐ மூலம் பணம் போட்டு வைத்து, அதிலிருந்து செலவாகும்படி அமைத்துக்கொள்வது இந்தத் தொல்லைக்கு நல்ல மாற்று.

இனி அடையாளத்துக்கு வருவோம். நான் பார்த்த வரையில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

அந்த நிறுவனத்துக்கு நம் சத்துமாவுக்காரரை நேரில் தெரியாது. ஒரு கணக்கை ஆள்வது உண்மையான வியாபாரியா, போலியா என்பதை அது காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று வைத்துத்தான் முடிவு செய்கிறது. சான்றிதழில் உள்ள பெயர், வணிகத் தொகுப்பில் எழுதிய பெயர், பணம் கட்டும் பெயர், இணையதளத்தில் உள்ள பெயர், சொந்த ஐடியின் பெயர் ஆகிய ஐந்தும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும். சொல்வதற்குச் சுலபம். தமிழ்நாட்டில் இது கஷ்டப்படுவது இரண்டு இடத்தில்.

ஒன்று இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கும். பான் கார்டு அந்த எழுத்தை ஏற்காது, அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதச் சொல்லும். ஆதாரில் இனிஷியலோடு நிற்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் போகும். ஃபேஸ்புக் ஐடியிலோ கணவர் பெயர் சேர்ந்திருக்கும், அல்லது பத்து வருஷத்துக்கு முன் விளையாட்டாக வைத்த செல்லப் பெயர் இருக்கும். எல்லாம் ஒரே பெண்மணிதான் என்று நமக்குத் தெரியும். திரைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு அது நாலு பேர். ஆகவே எந்த அடையாள அட்டையை அனுப்பப் போகிறோமோ, அதில் உள்ளபடியே ஐடியின் பெயரையும் பிறந்த தேதியையும் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிய கையோடு முறையிட வேண்டாம். மாற்றம் பதிவாகி நிலைத்தபின் அனுப்புவது நல்லது.

இன்னொன்று முகவரி. பழைய எண் 14, புதிய எண் 31 என்று இரண்டு கதவு எண்ணோடு வாழும் தெருக்கள் நம்முடையவை. ஜிஎஸ்டி சான்றிதழில் புதிய எண், வங்கிப் புத்தகத்தில் பழைய எண், மின்கட்டண ரசீதில் வீட்டுக்காரர் பெயர். ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வணிகத் தொகுப்பிலும் இணையதளத்திலும் அந்த ஒன்றையே அச்சுப்பிசகாமல் எழுத வேண்டும். தெரு என்பதை ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் சுருக்கியும் எழுதுவதைக்கூடத் தவிர்க்கலாம். பான் கார்டில் முகவரியே கிடையாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முகவரிக்கு அது சான்றாகாது.

வணிகச் சான்றில் இன்னொரு குழி இருக்கிறது. தனி உரிமையாளர் நடத்தும் தொழிலுக்கான ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் லீகல் நேம், ட்ரேட் நேம் என்று இரண்டு வரி இருக்கும். லீகல் நேம் என்பது உரிமையாளரின் சொந்தப் பெயர், பான் கார்டில் உள்ளபடி. ட்ரேட் நேம்தான் கடையின் பெயர். மெட்டாவின் படிவம் சட்டப்படியான பெயரைக் கேட்கும்போது நம் ஆட்கள் கடைப் பெயரை எழுதிவிடுகிறார்கள். சான்றிதழில் அந்த இடத்தில் வேறு பெயர் இருப்பதைப் பார்த்ததும் சரிபார்ப்பு தோல்வியடைகிறது. மூன்று முறை தோற்றபிறகும் காரணம் புரியாமல் தவிப்பவர்கள் உண்டு. ஜிஎஸ்டி இல்லாத சிறு தொழில் என்றால் உத்யம் பதிவு எடுக்கலாம். அரசு இணையதளத்தில் ஆதாரும் பானும் வைத்து நாமே செய்துகொள்ளலாம், அதற்குக் கட்டணம் ஏதும் கிடையாது. உத்யம் சான்றிதழில் தொழிலின் பெயரும் முகவரியும் சேர்ந்தே வரும் என்பதால், தனி உரிமையாளருக்கு அது பல சமயம் அதிகம் உதவுகிறது.

இந்தக் காகிதங்களை ஏற்றும் இடம், வணிக அமைப்புகளுக்குள் இருக்கும் Security Centre. எல்லாக் கணக்குக்கும் அங்கே சரிபார்ப்புத் தொடங்கும் வசதி திறந்திருக்காது. திறந்திருந்தால் முறையீட்டுக்கு முன் அதை முடித்துவிட வேண்டும். மங்கலாக இருந்தால் காகிதங்களைத் தயாராக வைத்திருந்து, கேட்கும்போது கொடுக்கலாம். சான்றிதழைப் போனில் சாய்வாகப் படம் எடுத்து, விரல் ஒரு ஓரத்தை மறைத்தபடி அனுப்பி நிராகரிப்பு வாங்குவது பரிதாபமான தோல்வி. இணையதளத்திலிருந்து இறக்கிய மூல பிடிஎஃப் கோப்பையே அனுப்புங்கள். இணையதளம் இருந்தால், அதன் அடியில் உரிமையாளர் பெயர், முகவரி, தொலைபேசி, பொருள் திருப்பும் விதி ஆகியவை இருக்கட்டும். உணவுப் பொருள் என்பதால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் அங்கே தெரியட்டும்.

அடையாளம் சரியாகிவிட்டது என்று கொள்வோம். இப்போது தவறு எது என்ற கேள்வி. நம் பெண்மணியின் விளம்பரத்தை ஒரு தம்பி எழுதிக் கொடுத்திருந்தார். "உங்களுக்குச் சர்க்கரை நோயா? 30 நாளில் மாத்திரைக்கு விடை கொடுங்கள்!" என்பது வாசகம். கூடவே ஒல்லியான இடுப்பும் பருத்த இடுப்பும் பக்கம் பக்கமாக ஒரு படம். இந்த ஒரே விளம்பரத்தில் மூன்று மீறல்கள் இருக்கின்றன.

முதலாவது, "உங்களுக்கு" என்ற சொல். ஆச்சரியமாக இருக்கலாம். பார்ப்பவரின் நோய், மதம், வயது, பணக்கஷ்டம் போன்றவை விளம்பரதாரருக்குத் தெரியும் என்ற தொனியில் பேசக்கூடாது என்பது மெட்டாவின் விதி. சர்க்கரை நோய் பற்றிப் பேசுவது தடையல்ல. படிப்பவரைப் பார்த்து "உனக்கு இருக்கிறதா" என்று விரலை நீட்டுவதுதான் தடை. தமிழில் விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இது கைவந்த தொடக்கம் என்பதால் அதிகம் மாட்டிக்கொள்கிறோம். இரண்டாவது, நிரூபிக்க முடியாத உறுதிமொழி. இங்கே மெட்டாவின் விதியை விடுங்கள், நம் நாட்டுச் சட்டமே தடுக்கிறது. உணவு ஒரு நோயைத் தடுக்கும், தணிக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 2018-இன் எஃப்எஸ்எஸ்ஏஐ விளம்பர ஒழுங்குமுறைகள் அனுமதிப்பதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்வது உயிரோடு விளையாடுவது. கணக்கு திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அந்த வரி போக வேண்டும். மூன்றாவது, உடம்பைப் பார்த்து வெட்கப்பட வைக்கும் முன்-பின் படம்.

பெரும்பாலானோர் இந்த விளம்பரத்தை மட்டும் நீக்கிவிட்டு எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள். பரிசீலனை விளம்பரத்தோடு நிற்பதில்லை. அது கொண்டுபோய் விடும் இடத்தையும் பார்க்கிறது. இணையதளத்தில் "சர்க்கரையை விரட்டும் மாவு" என்ற தலைப்பு, பக்கத்தின் முகப்புப் படம், பாக்கெட்டின் படத்தில் அச்சான வாசகம், வாட்ஸ்அப் கேட்டலாக்கில் உள்ள விவரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். நிறுத்தி வைத்த பழைய விளம்பரங்களையும் பார்க்க வேண்டும். ஒரு முறை அனுமதி கிடைத்தது என்பதால் மறுபடி பரிசோதிக்க மாட்டார்கள் என்று இல்லை.

இவ்வளவும் முடிந்தபின்தான் முறையீடு. சிலருக்கு அதில் அடையாள அட்டையும் போனுக்கு வரும் குறியீடும் மட்டும் கேட்கும். சிலருக்கு எழுத இடம் இருக்கும். எழுத இடம் இருந்தால், எளிய ஆங்கிலத்தில் எழுதுவது நடைமுறைக்கு நல்லது. உள்ளடக்கம் தமிழில் இப்படி இருக்கும்:

"நாங்கள் ஈரோடு மாவட்டத்தில் சத்துமாவு தயாரித்து விற்கும் தனி உரிமைத் தொழில். எங்கள் உத்யம் எண், எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இவை. இன்ன தேதியில் ஓடிய இன்ன விளம்பரத்தில், படிப்பவருக்கு நோய் இருப்பதாகக் கூறும் வரியும், நோய் குணமாகும் என்ற உறுதிமொழியும், உடல் ஒப்பீட்டுப் படமும் இருந்தன. அவை உங்கள் விதிகளுக்கு முரண் என்று புரிந்துகொண்டோம். அந்த விளம்பரத்தையும் அதே வாசகம் இருந்த மற்ற மூன்றையும் நீக்கிவிட்டோம். இணையதளத்தின் இன்ன பக்கத்தையும் பாக்கெட் படத்தையும் மாற்றியிருக்கிறோம். இனி விளம்பரங்களில் பொருள், அளவு, விலை மட்டும் இருக்கும். கணக்கை மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறோம்."

எட்டு வரி. இதில் அழுகை இல்லை, மிரட்டல் இல்லை, "பத்து வருஷமாக உங்கள் வாடிக்கையாளர்" என்ற பெருமையும் இல்லை. படிப்பவர் சரிபார்க்கக்கூடிய செய்தி மட்டும் இருக்கிறது. மாற்றியதாகச் சொன்ன பக்கத்தைத் திறந்தால் அது மாறியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தவறே நடக்கவில்லை என்றால் இதே வடிவில் நேர்மாறாக எழுத வேண்டும். எந்த விதி மீறப்பட்டதாகச் சொல்கிறார்கள், விளம்பரத்தில் அந்த இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று இரண்டையும் அருகருகே வைத்தால் போதும். செய்யாத தவறைப் பணிவுக்காக ஒப்புக்கொள்வது கூடாது. அது பதிவாகி நிற்கும். கணக்கை வேறு யாரோ திருடி விளம்பரம் ஓட்டியிருந்தால் வேலையின் வரிசையே வேறு. முதலில் கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, தெரியாத நிர்வாகிகளை நீக்க வேண்டும். வங்கிக்குச் சொல்ல வேண்டும். நம்முடையதல்லாத விளம்பரங்களை அழிப்பதற்கு முன் படம் எடுத்து, அவை தொடங்கிய தேதியையும் நேரத்தையும் முறையீட்டில் குறிப்பிட வேண்டும்.

அனுப்பிய பிறகு காத்திருக்க வேண்டும். பல முடிவுகள் இரண்டு நாளில் வந்துவிடும். சில வாரக்கணக்கில் இழுக்கும். இந்தக் காத்திருப்பில்தான் மீட்கக்கூடிய கணக்குகள் பல கெட்டுப்போகின்றன. வியாபாரம் நிற்கிறதே என்று தங்கை பெயரில் புதுக் கணக்கு திறக்கிறார்கள். அதே கார்டு, அதே போன், அதே இணையதளம். முடக்கத்தைத் தாண்டிப் போக முயல்வது என்று மெட்டாவும் சொல்கிறது, கூகுளும் சொல்கிறது. முதல் மீறலைவிடப் பெரிய மீறலாக அது எண்ணப்படும். தங்கையின் ஐடியும் சேர்ந்து போகும். இன்னொரு பக்கம், "மூவாயிரம் கொடுங்கள், உள்ளே ஆள் இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள். இவர்கள் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கேட்பார்கள். கொடுத்தால் மிச்சமிருக்கும் பக்கமும் கைவிட்டுப் போகும். நிறுவனத்தின் உண்மையான ஊழியர் யாரும் ஓடிபி கேட்க மாட்டார்.

கூகுள் விளம்பரக் கணக்கில் படிகள் இன்னும் வெளிப்படையாக இருக்கின்றன. சில கொள்கைகளுக்கு முதல் தடவை எச்சரிக்கை, அடுத்து மூன்று நாள் நிறுத்தம், அதன்பின் ஏழு நாள், அதற்கும் பிறகு முடக்கம். ஒரு மீறலின் குறி 90 நாள் நிற்கும். அந்த 90 நாளுக்குள் அதே தவறு திரும்பினால் அடுத்த படிக்கு ஏறும். ஏமாற்று, மோசடி போன்ற பெருந்தவறுகளுக்கு எச்சரிக்கை இல்லாமலே முடக்கம்தான்.

திரும்பத் தவறுவது எப்படி நடக்கிறது என்று கவனித்தால், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை என்பது தெரியும். ஒரு விளம்பரம் நிராகரிக்கப்படுகிறது. ஒரு வார்த்தையை மாற்றி மறுபடி போடுகிறார்கள். அதுவும் போகிறது. பிறகு "சர்க்கரை" என்ற சொல்லுக்கு நடுவே ஒரு புள்ளியோ நட்சத்திரக் குறியோ போட்டால் கணினி கண்டுகொள்ளாது என்று யாரோ சொல்லித் தருகிறார்கள். அந்த நட்சத்திரம்தான் ஆபத்து. முதல் வாசகம் விதி தெரியாமல் செய்தது. நட்சத்திரம் போட்டதோ தெரிந்தே மறைத்தது என்று பொருள்படும். ஆகவே ஒரு நிராகரிப்பு வந்தால், அடுத்ததைப் போடுவதற்கு முன் காரணத்தைப் படித்து, புரியாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுவதே நல்லது. ஒரு நோட்டில் தேதி, வாசகம், சொன்ன காரணம் மூன்றையும் எழுதி வைத்தால், இரண்டு மாதத்தில் தன் தொழிலுக்கு எந்தச் சொல் ஒத்துவராது என்ற பட்டியல் தானாக உருவாகிவிடும்.

விளம்பரம் போடும் தம்பிக்குக் கடவுச்சொல்லைக் கொடுப்பதும் நிற்க வேண்டும். அவர் ஒரே லேப்டாப்பில் பத்துக் கடைக் கணக்குகளைத் திறந்து வைத்திருப்பார். அதில் ஒன்று மோசமானால் நம் கணக்கும் சந்தேகத்துக்குள் வரும். வணிகத் தொகுப்பில் அவருடைய சொந்த ஐடிக்கு, விளம்பரம் ஓட்டும் அளவுக்கு மட்டும் உரிமை கொடுக்கலாம். வாசகத்தை உரிமையாளர் படித்துச் சரி என்று சொன்னபின் மட்டுமே போட வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். கணக்கு போனால் அவருக்குப் பத்தில் ஒன்று போகும். உரிமையாளருக்கு இருப்பதே ஒன்றுதான்.

எல்லாம் சரியாகச் செய்தும் மறுப்பு வரலாம். அதையும் சொல்லியாக வேண்டும். அப்போது செய்ய வேண்டியது, முன்பணமாகப் போட்டு வைத்த தொகை மீதி இருந்தால் திருப்பிக் கேட்பது; ஜிஎஸ்டி கணக்குக்குத் தேவையான பில்களை அனுமதி இருக்கும்போதே இறக்கி வைப்பது; வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வாங்கியவர்களின் எண்களைப் பத்திரப்படுத்துவது. விளம்பரக் கணக்கு போனாலும் பக்கம் தனியாக உயிரோடு இருக்கலாம். அதில் பதிவு போடத் தடையில்லை என்றால் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

நம் பெண்மணிக்குக் கணக்கு திரும்பியது என்றே முடிப்போம். அன்றைக்கே 300 ரூபாயை 3,000 ஆக்கிவிடத் தோன்றும், விட்டதைப் பிடிக்க. அதைச் செய்யாமல், 200 ரூபாய்க்கு ஒரே ஒரு விளம்பரம் போடுகிறார். கையில் மாவுப் பாத்திரம், பின்னால் மில். வாசகம் இது: "கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை வறுத்து அரைத்த சத்துமாவு. சர்க்கரை சேர்க்கவில்லை. அரைத்த தேதி பாக்கெட்டில் இருக்கிறது. அரைக் கிலோ 180 ரூபாய்." பத்து நாள் அதையே ஓட விடுகிறார். பழைய விளம்பரத்தைவிடக் குறைவாகத்தான் ஆட்கள் கேட்கிறார்கள். கேட்டவர்கள் மாத்திரையைப் பற்றி விசாரிக்கவில்லை. கூரியர் எத்தனை நாளில் வரும் என்றுதான் கேட்டார்கள்.